‘பொறுப்பில் இருந்தேன்’ என்றால் என்ன செய்தீர்கள்?

ஓசூர் பக்கத்து எந்திரப் பாக ஆலைகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். வந்து குவியும் ரெஸ்யூமேக்களில் எனக்கு மனப்பாடமாகிவிட்ட ஒரு தொடர் உண்டு: ‘வாஸ் ரெஸ்பான்ஸிபிள் ஃபார்’. இன்னதற்குப் பொறுப்பாக இருந்தேன். ஸ்டோர்ஸ்காரர் எழுதினாலும் அதுதான், கணக்கு எழுதுகிறவர் எழுதினாலும் அதுதான், கேன்டீன் சூப்பர்வைசர் எழுதினாலும் அதுதான். சிலர் ஒரே பக்கத்தில் ஏழெட்டு முறை எழுதியிருப்பார்கள்.

இந்த வரியில் பொய் எதுவும் இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் இதைப் படித்து முடித்தபின் அந்த ஆள் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஸ்டோர்ஸுக்கு அவர் பொறுப்பாக இருந்தார். அந்த மூன்று வருடத்தில் அங்கே சரக்கு ஒழுங்காக இருந்ததா, பாதி காணாமல் போனதா? இரண்டில் எது நடந்திருந்தாலும் இதே வரியை எழுதலாம். இதற்காக நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. உங்களுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்து, சரியாக வேலை செய்யாமல் அனுப்பப்பட்ட ஒருவர் இருந்தார் என்று வையுங்கள். நீங்கள் எழுதிய வரியை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அவரும் எழுத முடியுமா? முடியும் என்றால் அந்த வரி நாற்காலியைப் பற்றிச் சொல்கிறது, உங்களைப் பற்றிச் சொல்லவில்லை.

இந்தத் தொடர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். வேலையில் சேரும்போது ஒரு ஆர்டர் காப்பி கொடுப்பார்கள். அதன் பின்பக்கத்திலோ இணைப்பிலோ ‘நீங்கள் இன்னின்னவற்றுக்குப் பொறுப்பாவீர்கள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். வேலையை விடும்போது தரும் அனுபவச் சான்றிதழிலும் அதே பட்டியல் இறந்தகாலத்தில் வரும். ரெஸ்யூமே எழுத உட்காருகிறவர் கையில் இருப்பவை இந்த இரண்டு தாள்கள்தான். அதனால் அப்படியே இறக்கிவிடுகிறார். ஆர்டர் காப்பி என்பது நீங்கள் முதல் நாள் வாசலில் காலெடுத்து வைப்பதற்கு முன்பே, உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதியது. அப்போது நீங்கள் இன்னும் எதுவும் செய்திருக்கவில்லை. அதை நகல் எடுத்தால் எப்படி உங்கள் வேலை அதில் வரும்?

இன்னொரு காரணம் நம் பேச்சில் இருக்கிறது. ‘அந்த செக்‌ஷனை நான்தான் பாத்துக்கிட்டேன்’ என்றுதான் நாம் வேலையைப் பற்றிப் பேசுவோம். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அந்த ஆலை தெரிந்திருக்கும்வரை இதில் குறை இல்லை. பார்த்துக்கொண்டது என்றால் என்ன என்று பக்கத்து மேஜைக்காரருக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதும்போதுதான் அது பிடி கொடுக்காமல் நழுவுகிறது.

இலக்கணம் படித்தவர்கள் இங்கே ஒரு திருத்தம் சொல்வார்கள், அதுவும் சரிதான். ‘வாஸ் ரெஸ்பான்ஸிபிள் ஃபார்’ என்பதைப் பலரும் செயப்பாட்டு வினை என்று சொன்னாலும், ஆங்கில இலக்கணப்படி அது செயப்பாட்டு வினையே அல்ல. ‘அவர் உயரமாக இருந்தார்’ என்பதுபோல ஒரு நிலையைச் சொல்கிற வாக்கியம் அது. கம்ப்யூட்டரில் இலக்கணம் சரிபார்க்கும் வசதி செயப்பாட்டு வினையைத் தேடிக் கோடிடும்போது இந்த வரியை விட்டுவிடுவது அதனால்தான். மறுபக்கம், உண்மையான செயப்பாட்டு வினை சில இடங்களில் நன்றாகவே பொருந்தும். ‘இரண்டு வருடத்தில் சீனியராக உயர்த்தப்பட்டார்’ என்பதில் உயர்த்தியவர் மேலதிகாரி. அதை மறைக்க வேண்டியதும் இல்லை, செய்வினையாக மாற்ற வேண்டியதும் இல்லை. ஆகவே செயப்பாட்டு வினையை வேட்டையாடிப் பயனில்லை. செயல் இல்லாத வரியைத்தான் தேட வேண்டும். ‘டியூட்டீஸ் இன்க்ளூடட்’, ‘வாஸ் இன்வால்வ்டு இன்’, ‘இன் சார்ஜ் ஆஃப்’, நம் ஊர் ஆங்கிலத்துக்கே உரிய ‘லுக்கிங் ஆஃப்டர்’ எல்லாம் அதே குடும்பம்.

ஒரு ரெஸ்யூமேயை எடுத்துக்கொண்டால் இது எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன், ஒரு நடுத்தர எந்திரப் பட்டறையில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜாக நான்கு வருடம் இருந்தவன். வேறு பெரிய ஆலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ரெஸ்யூமேயோடு வந்தான். வேலையைப் பற்றி அதில் நான்கு வரிகள்: ஸ்டோர்ஸ் நிர்வாகத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். சரக்கு வரவுப் பதிவு, சரக்கு வழங்கல், இருப்புக் கணக்கெடுப்பு ஆகியவை என் கடமைகள். புதிய ஈஆர்பி மென்பொருள் நிறுவுவதில் ஈடுபட்டிருந்தேன். நகராத சரக்கைக் குறைக்கப் பொறுப்பாக இருந்தேன்.

நான்கிலும் அவன் எதையும் செய்யவில்லை. இருந்திருக்கிறான், ஈடுபட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

முதல் வரியை மாற்றச் சொன்னதும் அவன் உடனே ஒன்று செய்தான். ‘வாஸ் ரெஸ்பான்ஸிபிள் ஃபார்’ என்பதை வெட்டிவிட்டு ‘மேனேஜ்டு ஸ்டோர்ஸ்’ என்று போட்டான். இணையத்தில் கிடைக்கும் வினைச்சொல் பட்டியல்கள் பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடும். வரி சுருங்கியது, அது நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன சோதனையை வைத்துப் பாருங்கள். பழைய ஆளும் ‘மேனேஜ்டு’ என்று எழுதலாம். சொல்லை மாற்றியிருக்கிறான், சேதியை மாற்றவில்லை.

“தம்பி, மேனேஜ் பண்ணேன்னா காலையில வந்ததும் கை என்ன செஞ்சுது?”

“தினமும் எண்ணுவேன் சார்.”

“எதை?”

“இருபது ஐட்டம். ராக்குல இருக்கறத எண்ணி பின் கார்டோடயும் டேலியோடயும் ஒத்துப் பார்ப்பேன்.”

“அது கம்பெனி வழக்கமா?”

“இல்ல சார். முன்னாடி வருஷத்துக்கு ஒரு தடவ, ஆடிட்டுக்கு மட்டும்தான் எண்ணுவாங்க. ரெண்டு நாள் மெஷின நிறுத்தி எல்லாரும் எண்ணுவோம். நான்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமா எண்ணலாம்னு ஆரம்பிச்சேன்.”

அவன் ரெஸ்யூமேயில் இருக்க வேண்டிய சேதி இதுதான், ஆனால் அதில் ஒரு இடத்தில்கூட இல்லை. அவனைப் பொறுத்தவரை அது தினப்படி வேலை, சொல்லத் தகுந்ததே இல்லை. ஸ்டோர்ஸில் மொத்தம் சுமார் 2,400 பொருள். நாளைக்கு 20 என்றால் மாதம் 25 வேலை நாளில் 500. ஐந்து மாதத்துக்குள் மொத்த ஸ்டோர்ஸும் ஒரு சுற்று எண்ணப்பட்டுவிடும், ஒரு மெஷினையும் நிறுத்தாமல். அவன் சேர்ந்த வருடம் ஆடிட்டில் 190 பொருளுக்குக் கணக்கும் கையிருப்பும் ஒத்துப்போகவில்லை. அடுத்த வருடம் 40 சொச்சம்.

ஏன் ஒத்துப்போகாமல் இருந்தது என்றும் கேட்டேன். இப்படிக் காரணம் கேட்பதால் ஒரு லாபம் உண்டு: எண்ணியது மட்டுமா, எண்ணிக் கண்டுபிடித்ததும் இவனா என்பது தெரிந்துவிடும். கடைசல் எந்திரத்தில் வைக்கும் கார்பைடு இன்சர்ட் நகத்தளவு இருக்கும், விலை அதிகம். ஒரு பெட்டியில் 10 வரும். பில்லில் 5 பெட்டி என்று இருக்கும். வரவு வைக்கும் பையன் கம்ப்யூட்டரில் 5 என்று அடிப்பான். ஷாப்புக்குக் கொடுக்கும்போது தனித்தனியாகக் கொடுப்பதால் இரண்டு, மூன்று என்று கழியும். ஆறாவது இன்சர்ட் எடுத்தவுடன் கணக்கில் கையிருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும், பெட்டியில் நாற்பதுக்கு மேல் இருக்கும். இன்சர்ட் வரவு எல்லாவற்றையும் பெட்டிக் கணக்கிலிருந்து எண்ணிக்கைக் கணக்குக்கு இவன் மாற்றினான். இன்னொரு காரணம், ஸ்டோர்ஸ் பூட்டியிருக்கும் ராத்திரி ஷிஃப்டில் இண்டென்ட் சீட்டு இல்லாமல் எடுத்துப்போவது. அதற்கு ஷிஃப்ட் சூப்பர்வைசர் கையில் சாவியோடு ஒரு சின்ன அலமாரி வைத்தார்கள்.

“அலமாரி யோசனை உன்னுதா?”

“இல்ல சார், புரொடக்‌ஷன் மேனேஜர் சொன்னது. அதுல என்னென்ன வைக்கணும்னு லிஸ்ட் போட்டது நான்.”

இந்த வித்தியாசத்தை அவன் தயங்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஒருவர் ஒரு வேலையில் எந்த அளவுக்குச் சொந்தம் கொண்டாடலாம் என்பது அங்கே முடிவாகிறது. தொடங்கி வைத்தது ஒரு படி. மற்றவர் தொடங்கியதை நடத்தியது ஒரு படி. நடத்துகிறவருக்குக் கைகொடுத்தது இன்னொரு படி. மூன்றும் மரியாதையான வேலைதான், மூன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி வினைச்சொல் இருக்கிறது. தினசரி எண்ணிக்கையை அவன் ‘ஸ்டார்டட்’ என்று எழுதலாம். இன்சர்ட் கணக்கை ‘சேஞ்ச்டு’ என்று எழுதலாம். அலமாரி விஷயத்தில் ‘லிஸ்டட்’ என்பதற்கு மேல் போனால் அடுத்தவர் இலையில் கை வைப்பதாகிவிடும்.

ஆகவே முதல் வரி இப்படி ஆனது. ஆங்கில ரெஸ்யூமேயில் ‘நான்’ வராது, வரி நேரடியாக வினையில் தொடங்கும்: ‘ஸ்டார்டட் எ டெய்லி கவுன்ட் ஆஃப் 20 ஐட்டம்ஸ்’. அதைத் தொடர்ந்து, 2,400 பொருள் கொண்ட ஸ்டோர்ஸ், ஒரே வருடத்தில் ஆடிட் வித்தியாசம் 190-லிருந்து சுமார் 40 ஆனது என்று ஒரு வாக்கியம். ‘ஸ்டோர்ஸ் நிர்வாகம்’ என்ற பழைய வரி சொல்ல நினைத்த அளவும் இதில் தானாக வந்துவிட்டது. 2,400 பொருள் என்றால் எவ்வளவு பெரிய ஸ்டோர்ஸ் என்று படிக்கிறவருக்குத் தெரியும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வித்தியாசம் 190-லிருந்து 40 ஆனதில் மேனேஜரின் அலமாரிக்கும் பங்கு உண்டு. அதனால் ‘குறைத்தேன்’ என்று முழுதாக எடுத்துக்கொள்ளாமல், ‘எண்ணிக்கையைத் தொடங்கினேன், குறைந்தது’ என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். அனுபவமுள்ள மேலாளர் அதைப் படித்தால் மிச்சக் கேள்வியை இன்டர்வியூவில் கேட்டுக்கொள்வார். கேட்கட்டும், பையனிடம் பதில் இருக்கிறது.

மூன்றாவது வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஈஆர்பி நிறுவுவதில் ‘ஈடுபட்டிருந்தேன்’. ஈடுபடுவது என்பதைவிட வழுக்கலான சொல் ரெஸ்யூமேயில் இல்லை. மீட்டிங்கில் டீ கொடுத்தவரும் ஈடுபட்டவர்தான். விசாரித்தால் கதை வேறு. பழைய மென்பொருளில் பொருட்களின் பெயர்ப் பட்டியலில் 2,900 பெயர் இருந்தது. ஒரே பொருள் மூன்று நான்கு பெயரில் கிடந்தது, ஏனென்றால் வரவு வைத்த ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய மாதிரி அடித்திருந்தார்கள். ஒரு பேரிங்குக்கு ‘6205’ என்று ஒரு பெயர், ‘பால் பேரிங் 6205’ என்று ஒரு பெயர், ‘6205 ZZ’ என்று ஒரு பெயர். மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்தவர் மூன்றையும் ஒன்றாக்கிவிடலாம் என்றார். இவன் ஒப்புக்கொள்ளவில்லை. 6205 என்பது திறந்த பேரிங். ZZ என்று இருந்தால் இரண்டு பக்கமும் உலோகத் தட்டு போட்டு மூடியது. இரண்டும் அளவில் ஒன்றுதான், ஆனால் தூசி பறக்கும் இடத்தில் திறந்த பேரிங்கை மாட்டினால் சீக்கிரம் போய்விடும். பெயரைப் பார்த்து இணைக்காமல், இவன் ராக்கில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்த்து, எது எதோடு சேரும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தான். 2,900 பெயர் 2,400 ஆனது.

இதற்கு ‘இன்வால்வ்டு இன் ஈஆர்பி இம்ப்ளிமென்டேஷன்’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்? ‘செக்டு’, ‘மெர்ஜ்டு’ என்ற இரண்டு சாதாரணச் சொற்கள் போதும். ராக்கில் இருந்த சரக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, இரட்டிப்புப் பெயர்களை இணைத்து, ஈஆர்பி தொடங்குவதற்கு முன் பட்டியலை 2,900-லிருந்து 2,400 ஆக்கினேன். மென்பொருளை நிறுவியது அவனில்லை என்பதும் இந்த வரியிலேயே தெளிவாக இருக்கிறது. அதனால் அவன் மதிப்பு கூடியதே தவிர குறையவில்லை.

நான்காவது வரியில் எதிர்த்திசையில் ஒரு சிக்கல். நகராத சரக்கைக் ‘குறைக்கப் பொறுப்பு’ என்று இருந்தது. இதைச் செய்வினையாக்கு என்றால் ‘ரெட்யூஸ்டு நான்-மூவிங் ஸ்டாக்’ என்று எவரும் எழுதிவிடுவார்கள். நடந்தது என்ன? இரண்டு வருடமாகக் கை படாத பொருட்களை இவன் தேடிப் பட்டியலிட்டான், விலை போட்டான், 11 லட்சம் வந்தது. அதில் 4 லட்சத்துக்கான சரக்கை விற்பது என்று முடிவெடுத்தது முதலாளி. மீதியை வைத்திருக்கலாம் என்று சொன்னதும் அவரே. அப்படியானால் குறைத்தது யார்? இங்கே இவனுக்குரிய வினை ‘ஐடென்டிஃபைடு’தான்: 11 லட்சம் மதிப்புள்ள நகராத சரக்கைக் கண்டறிந்து பட்டியலிட்டேன், அதில் 4 லட்சத்துக்கான சரக்கை நிர்வாகம் விற்றது. முடிவெடுத்தவரை வரிக்குள்ளேயே வைத்துவிட்டோம். ஒரு ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் லட்சக்கணக்கில் சரக்கை விற்க முடிவெடுத்தேன் என்று எழுதினால், அந்தத் துறையில் இருக்கிறவர் முதல் பார்வையிலேயே சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகம் அந்த ஒரு வரியோடு நிற்காது, மற்ற மூன்று வரிக்கும் பரவும்.

இதைச் சொல்லும்போது பட்டியல்களில் வரும் ‘ஸ்பியர்ஹெடட்’, ‘ஆர்கெஸ்ட்ரேட்டட்’ போன்ற சொற்கள் ஞாபகம் வருகின்றன. ஈட்டி முனையாக நின்றாராம், இசைக்குழுவை நடத்தினாராம். 12 பேர் வேலை செய்யும் பிரிவில் என்ன ஈட்டி? இந்தச் சொற்களும் ‘பொறுப்பாக இருந்தேன்’ போலத்தான், என்ன நடந்தது என்று சொல்லாமல் நழுவும். சத்தம் மட்டும் கூடுதல். எண்ணினேன், பிரித்தேன், சரிபார்த்தேன், பழுது பார்த்தேன், பயிற்சி கொடுத்தேன், பேரம் பேசினேன் என்று கண்ணுக்குப் படம் தெரிகிற சொல் எதுவோ அதுவே போதும். எழுதிய வினையைப் பற்றி எதிரில் இருப்பவர் ‘எப்படி?’ என்று கேட்டால், இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேச உங்களால் முடிய வேண்டும். முடியாத வினையை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வரியை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். சரக்கு வரவுப் பதிவு, வழங்கல், கணக்கெடுப்பு. இவை எல்லா ஸ்டோர்ஸிலும் நடப்பவை. இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதனை தேடிப் பிடிக்க முயன்றால் செயற்கையாகிவிடும். வழக்கமான வேலையை வழக்கமானது என்றே ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ‘தினமும் 30 முதல் 40 சரக்கு வரவைப் பதிந்தேன், இரண்டு ஷிஃப்டுக்குச் சரக்கு வழங்கினேன்’. எண் ஒன்று சேர்ந்தால் போதும், வேலையின் பளு தெரிந்துவிடும். இந்த வரியை அடியோடு நீக்காததற்கு வேறு காரணமும் உண்டு. பெரிய கம்பெனிகளும் வேலைவாய்ப்புத் தளங்களும் ரெஸ்யூமேக்களைச் சொல் வைத்துத்தான் முதலில் தேடுகின்றன. ‘இன்வென்டரி’, ‘ஜிஆர்என்’, ‘டேலி’, ‘ஈஆர்பி’ என்று தேடுவார்களே தவிர, ‘ஸ்டார்டட்’ என்று யாரும் தேடமாட்டார்கள். வினைச்சொல்லை மாற்றும் வேகத்தில் இந்தப் பெயர்ச்சொற்களையும் வெட்டிவிட்டால் ரெஸ்யூமே யார் கண்ணிலும் படாமலே போகும். வினை மாறட்டும், துறையின் பெயர்ச்சொற்கள் அப்படியே இருக்கட்டும்.

பொறுப்பு என்ற சொல்லே வேண்டிய இடங்களும் இருக்கின்றன. மருந்துக் கடையில் பதிவு பெற்ற மருந்தாளுநர் மேற்பார்வையில்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மருந்தாளுநராக உரிமத்தில் உங்கள் பெயர் இருந்தது என்றால் அந்தப் பொறுப்பே ஒரு தகுதி, அதை எழுதத்தான் வேண்டும். சட்டப்படி ஆலை மேலாளராகப் பெயர் கொடுக்கப்பட்டவர், சான்றிதழ் பெற்ற பாய்லர் இயக்குநர் இவர்களுக்கும் அப்படியே. இங்கே ‘நடத்தினேன்’, ‘கண்காணித்தேன்’ என்று வினையைத் தேடி அந்தச் சட்டப் பொறுப்பை மறைத்துவிடக் கூடாது. முதலில் அந்தப் பதவியைச் சொல்லிவிட்டு, கீழே என்ன செய்தீர்கள் என்று எழுதலாம்.

எழுத்தில் சறுக்கும் இடம் ஒன்றிரண்டு. இப்போதும் பார்க்கும் வேலைக்கு நிகழ்காலம், விட்டுவந்த வேலைக்கு இறந்தகாலம். ஒரே வேலைக்குக் கீழே இரண்டையும் கலக்கக் கூடாது. ஆனால் இப்போதைய வேலையிலேயே முடிந்துபோன ஒரு காரியத்துக்கு இறந்தகாலம் வரலாம். தலைமை தாங்கினேன் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது ‘லெட்’ என்பதற்கு மூன்றே எழுத்து. நடுவில் ஓர் ‘ஏ’ சேர்த்துவிட்டால் அது ஈயம் என்று ஆகிவிடும், அல்லது நிகழ்காலமாகிவிடும். எழுத்துப்பிழை சரிபார்ப்பு அதைப் பெரும்பாலும் பிடிக்காது, ஏனென்றால் அதுவும் சரியான சொல்தான்.

எனக்கு வந்து சேரும் ரெஸ்யூமேக்களில் இதைவிடப் பெரிய தடங்கல் எண் இல்லாததுதான். ‘என்ன செய்தேன் என்று தெரியும் சார், எவ்வளவு என்று ஞாபகமில்லை’ என்பார்கள். வேலையை விட்ட பிறகு பழைய கம்ப்யூட்டரைத் திறக்க முடியாது, அங்கே இருப்பவரை நச்சரிக்கவும் முடியாது. வேலையில் இருக்கும்போதே ஒரு நோட்டில் மாதம் ஒரு முறை, வந்தபோது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, நடுவில் நான் என்ன மாற்றினேன் என்று மூன்று வரி எழுதி வைத்தால் போதும். கம்பெனியின் கணக்குத் தாளை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அது திருட்டில் போய் முடியும். வாடிக்கையாளர் பெயர், வாங்கிய விலை இவற்றையும் ரெஸ்யூமேயில் போடக் கூடாது. இன்றைக்கு அந்த ரகசியத்தை எங்களிடம் எழுதுகிறவர், நாளைக்கு எங்கள் ரகசியத்தை வேறிடத்தில் எழுதுவார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எண் எதுவும் கைவசம் இல்லாவிட்டாலும் வரியைக் காப்பாற்ற வழி இருக்கிறது. வேலை எத்தனை நாளுக்கு ஒரு முறை நடந்தது, எத்தனை பேருக்காக, எத்தனை ஷிஃப்டுக்கு என்பது யாருக்கும் மறக்காது. ‘வாரம் ஒரு முறை’, ‘இரண்டு ஷிஃப்டுக்கும்’, ‘சுமார் 60 சப்ளையர்களிடம்’ என்று எழுதலாம். தோராயமானால் ‘சுமார்’ என்றே போடுங்கள். சதவீதத்தை மட்டும் ஊகித்து எழுத வேண்டாம். செலவை 37 சதவீதம் குறைத்தேன் என்று எழுதியிருந்தால் நான் முதலில் கேட்பது, எதிலிருந்து எதற்கு என்று. அடிப்படை எண்ணே தெரியாதவருக்கு 37 எங்கிருந்து கிடைத்தது? அந்த ஸ்டோர்ஸ் பையன் ரெஸ்யூமேயில் ஒரு சதவீதம்கூட இல்லை. 190, 40, 2,900, 2,400, 11 லட்சம், 4 லட்சம். எல்லாம் அவன் கையால் எண்ணியவை.